பத்து நிமிஷம் ஆள் இல்லாவிட்டால்



போன கிழமை நம்ம ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ராத்திரி ரெண்டரை மணி, பெட்ரோல் ஷெட்டில் லைட் எரிகிறது, பம்ப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. "சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குகிறான்" என்று கீழே எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே முப்பது பேர் சிரிப்பு போட்டிருந்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. அந்த ஆள் எங்கே போயிருப்பார் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் வாப்பாவும் ஒரு காலத்தில் அப்படித்தான் போனார்.

நாங்கள் என்றால் அண்ணன், தம்பி இரண்டு பேர். வாப்பா ஏ9 வீதியில் ஒரு ஷெட்டில் பல வருஷம் இரவுப் பம்பராக இருந்தார். பின்னேரம் ஆறு மணிக்குப் போனால் காலை ஆறு மணிக்குத்தான் வீடு. பகலில் மூன்று பேர், இரவில் ஒருவர். கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், ஒரு கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று சொல்கிறது. சாப்பாட்டுக்கு இடைவேளை கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் ஒருவர் மட்டும் நிற்கிற இடத்தில் அவர் சாப்பிடப் போனால் அந்த இடத்தில் நிற்பது யார்? அதற்கு எந்தச் சட்டமும் ஆள் அனுப்பி வைப்பதில்லை.

வாப்பாவுக்கு சீனி வருத்தம் இருந்தது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். அவர் செய்தது என்னவென்றால், சாப்பாட்டுப் பார்சலை மேசையில் திறந்து வைத்துவிட்டு, வாகனத்துக்கும் வாகனத்துக்கும் நடுவில் ஒரு பிடி சாப்பிடுவது. கையில் டீசல் வாசம் போகாது. கழிப்பறை ஷெட்டுக்குப் பின்னால். போய் வருவதற்குள் யாராவது ஹோர்ன் அடிப்பார்கள் என்று இரவில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். சீனி உள்ள ஆள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எவ்வளவு கெடுதி என்று உம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

முதலில் வாப்பாவுக்கு உதவியவர் ஷெட்டுக்கு முன்னால் ஓட்டோ நிறுத்துகிற ஒரு சிங்கள நண்பர். நாங்கள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஹயர் இல்லாத நேரத்தில் "நானா, நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். வாப்பா காசுப் பையை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார். எழுத்தும் இல்லை, கணக்கும் இல்லை. நம்பிக்கை மட்டும்தான்.

ஒரு நாள் காலையில் 2,300 ரூபா குறைந்தது. குறைந்த காசு பம்பரின் சம்பளத்தில் வெட்டப்படும். அது கூடப் பரவாயில்லை. முதலாளி, "ராத்திரி யார் யார் பம்பைத் தொட்டது?" என்று கேட்டார். வாப்பா உண்மையைச் சொன்னார். அன்று பகலுக்குள் ஓட்டோ நிறுத்துகிற இடம் முழுக்கக் கதை பரவிவிட்டது. மாமா ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாளிலிருந்து ஓட்டோவை வேறு சந்தியில் நிறுத்தினார்.

மூன்றாம் நாள் அந்தக் காசு கிடைத்தது. ஒரு லொறிக்காரருக்குக் கடனில் டீசல் அடித்த துண்டு, அந்த இரவுக் கணக்கில் வராமல் பகல் ஆட்களின் கட்டோடு போய்ச் சேர்ந்திருந்தது. சரியாக 2,300. வாப்பா மாமாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். மாமா தேத்தண்ணி கொடுத்தார், பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். ஆனால் ஷெட்டுக்குத் திரும்பி வரவில்லை. நாங்கள் அதில் படித்தது ஒன்றுதான். கணக்கு வைக்காத நம்பிக்கை, உதவ வந்தவரைத்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

2016இல் மூத்தவர் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில், இளையவர் ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில். அந்த வருஷம் ஜூனில் நோன்பு வந்தது. மற்ற நாட்களில் சாப்பாட்டைப் பிந்திப் போடலாம். சஹரைப் பிந்திப் போட முடியாது. பஜ்ருக்கு முன்னால் முடித்தே ஆக வேண்டும். அதனால் நாங்கள் முதலாளியிடம் போய்க் கேட்டோம். அவர் சம்மதித்தார். மூன்று நிபந்தனை போட்டார். எங்கள் இருவரின் பெயரைத் தவிர வேறு பெயர் புத்தகத்தில் வரக்கூடாது. கடன் கொடுக்கக்கூடாது. கேனில், போத்தலில் அடிக்கக்கூடாது.

முறை இதுதான். ஒவ்வொரு பம்பிலும் இரண்டு மீட்டர் இருக்கும். வாகனத்துக்கு அடிக்கும்போது ஓடுகிற மீட்டர் ஒவ்வொரு தடவையும் பூச்சியத்துக்கு வரும். அதைத்தான் நீங்கள் பார்ப்பீர்கள். இன்னொன்று மொத்த மீட்டர். அது திரும்பிப் போவதில்லை. பம்ப் பிறந்த நாளிலிருந்து போன எல்லா லீட்டரையும் கூட்டிக்கொண்டே இருக்கும். வேலை மாறும்போது அதைத்தான் எழுதுவார்கள். முடிந்த எண்ணிலிருந்து தொடங்கிய எண்ணைக் கழித்து, விலையால் பெருக்கினால் எவ்வளவு காசு இருக்க வேண்டும் என்று தெரியும். ஷெட்டில் இதை ஒரு இரவுக்கு ஒரு தடவை செய்வார்கள். நாங்கள் இருபத்தைந்து நிமிஷ இடைவேளைக்கும் அதையே செய்தோம்.

வாப்பா நிற்கிற வாகனத்தை முடித்து அனுப்புவார். ஒரு டீசல் பம்ப், ஒரு பெட்ரோல் பம்ப் மட்டும் திறந்திருக்கும். மற்றவற்றை நிறுத்திவிடுவார். அந்த இரண்டின் மொத்த மீட்டரையும் நேரத்தையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். அவருடைய காசு லாச்சிக்குள் பூட்டப்படும். எங்களுக்கு வேறு பையில் சில்லறையாக 2,000 ரூபா. அவர் வந்ததும் மறுபடியும் மீட்டர், மறுபடியும் காசு, மறுபடியும் கையெழுத்து. இரண்டு பேருடைய காசும் ஒரு பையில் கலந்தால் இந்த எழுத்தெல்லாம் வீண்.

நோன்பின் இரண்டாம் கிழமை ஒரு இரவு. மூன்றரைக்கு நாங்கள் சாப்பாட்டோடு போனோம். வாப்பா உள்ளே போனார். டீசல் மீட்டர் 61,842.6. பெட்ரோல் 22,317.4. அவர் திரும்பி வந்தபோது டீசல் 61,926.6, பெட்ரோல் 22,338.4. அதாவது 84 லீட்டர் டீசல், 21 லீட்டர் பெட்ரோல். அப்போது டீசல் 95 ரூபா, பெட்ரோல் 117 ரூபா. 7,980உம் 2,457உம் சேர்ந்து 10,437. சில்லறை 2,000உம் சேர்த்துப் பையில் 12,437 இருக்க வேண்டும். எண்ணினோம். 11,487தான் இருந்தது. 950 ரூபா இல்லை.

எங்கள் கை நடுங்கிவிட்டது. வாப்பா கோபப்படவில்லை. "950 என்றால் என்ன?" என்று மட்டும் கேட்டார். மாற்றுக் காசு தவறினால் பெரும்பாலும் 100, 500, 1,000 என்று ஒரு நோட்டின் அளவுக்குத்தான் குறையும். 950ஐ 117ஆல் வகுத்தால் சரியாக வராது. 95ஆல் வகுத்தால் சரியாகப் பத்து. அப்படியென்றால் யாரோ பத்து லீட்டர் டீசலுக்குக் காசு தரவில்லை. உடனே நினைவு வந்தது. தம்புள்ளைப் பக்கமிருந்து வந்த ஒரு மரக்கறி லொறி. நாற்பது லீட்டர் கேட்டார், அடித்தோம், 3,800 தந்தார். பிறகு "இன்னும் பத்து போடுங்கள்" என்றார். பம்பைத் திரும்பத் தூக்கியதும் மீட்டர் பூச்சியமாகிவிட்டது. அந்த நேரம் ஒரு ஓட்டோ வந்து நின்றது. பத்து லீட்டரை முடித்துக் கொழுவிவிட்டு ஓட்டோவுக்குப் போனோம். லொறி போய்விட்டது.

அந்த லொறி இரண்டு நாளைக்கு ஒரு தடவை வருகிற லொறி. வாப்பா அடுத்த தடவை சாரதியிடம் சொன்னார். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, தானும் கொடுத்துவிட்டதாக நினைத்துவிட்டேன் என்று சொல்லி 950 ரூபாவை எடுத்துத் தந்தார். யாரும் யாரையும் கள்ளன் என்று சொல்லவில்லை. இதே 950 காலை ஆறு மணிக்கு, பன்னிரண்டு மணித்தியாலக் கணக்குக்குள் தெரிய வந்திருந்தால், எந்த லொறி என்று யாருக்கு நினைவிருக்கும்? பதினெட்டு, இருபது வாகனத்தை நினைவில் வைக்கலாம். ஒரு இரவு முழுக்க வந்ததை வைக்க முடியாது. அதன் பிறகு நாங்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். யாராவது "இன்னும் கொஞ்சம்" என்றால் முதலில் அடித்ததற்குக் காசு வாங்கியிருந்தாலும், அடுத்தது முடிந்து காசு கைக்கு வரும் வரை பம்பைக் கொழுவுவதில்லை.

எல்லா நேரமும் மாற்று ஆள் நிற்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பவுசர் வருகிற இரவில் வாப்பா எங்களை நிற்க விடவே இல்லை. சீல் பார்ப்பது, தாங்கியில் கோல் விட்டு அளப்பது, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் பழகியவரின் வேலை. முதல் நாளே எங்களுக்கு அவர் காட்டியது விலைப் பலகை இல்லை. எல்லாப் பம்பையும் ஒரேயடியாக நிறுத்துகிற சுவிச், தீயணைக்கும் சிலிண்டர், மணல் வாளி, இந்த மூன்றும்தான். இவை எங்கே என்று தெரியாதவர் பத்து நிமிஷத்துக்கும் பம்பைப் பொறுப்பெடுக்கக்கூடாது.

இரவு முழுக்கத் திறந்திருக்கிற ஃபார்மசியில் இது இன்னும் கஷ்டம். அங்கே தம்பியோ கூட்டாளியோ நிற்கவே முடியாது. டொக்டர் எழுதிய மருந்தைப் பதிவுசெய்த மருந்தாளர் இல்லாமல் கொடுப்பது தவறு. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஃபார்மசிக்கு அனுமதி கிடைப்பதே அப்படி ஒருவர் இருப்பதால்தான். அங்கே மாற்று ஆள் என்றால் இன்னொரு மருந்தாளர். அவர் இல்லையென்றால் ஒரே வழி கதவைப் பூட்டுவது. "3.30க்குத் திறப்போம், அவசரமென்றால் இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்" என்று மூன்று மொழியில் ஒரு அட்டை தொங்கவிடுவது. ஷெட்டிலும் ஆள் கிடைக்காத இரவில் வாப்பா அதைத்தான் செய்தார். பம்பை நிறுத்தி, வாசலில் இரண்டு கோன் வைத்து, நேரம் எழுதிய அட்டையைக் கொழுவிவிட்டுத்தான் போவார். அட்டையில் திரும்பி வருகிற நேரம் இருந்தால் ஆட்கள் பொறுப்பார்கள். வெறுமனே "மூடப்பட்டுள்ளது" என்று இருந்தால் ஹோர்ன் அடிப்பார்கள்.

அந்தப் படத்தைப் போட்ட சகோதரரிடம் நாங்கள் தனியாகப் பேசினோம். அவரும் படத்தை எடுத்துவிட்டார், ஜஸாகல்லாஹ். அடுத்த நாள் அந்த ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தோம். அங்கே இரவில் நிற்பது இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. அன்று அவர் கழிப்பறைக்குப் போயிருக்கிறார். கோனும் இல்லை, அட்டையும் இல்லை, அதை யாரும் அவருக்குக் கொடுக்கவும் இல்லை. முதலாளியிடம் சொல்லியிருக்கிறோம். அட்டையை நாங்களே எழுதிக் கொடுக்கிறோம் என்றோம், சரி என்றார். இந்த வெள்ளிக்கிழமைக்குள் அங்கே தொங்கும், இன்ஷா அல்லாஹ். ராத்திரியில் அதைப் பார்த்தால் எஞ்ஜினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் பொறுங்கள். அந்தப் பிள்ளை அட்டையில் எழுதிய நேரத்துக்கு வந்துவிடுவார்.