பதினோராம் நிமிடத்தில் என்ன நடந்தது?

பாடம் நடத்தும்போது பிள்ளைகளின் கவனம் எப்போது கலைந்தது என்று நமக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். முன்வரிசையில் தலையாட்டும் நாலு பேரை வைத்து முழு வகுப்பையும் எடைபோட்டுவிடுகிறோம். ஓய்வுபெற்ற பிறகு இளைய ஆசிரியர்களுக்கு நான் சொல்லிவருவது இதைத்தான்: எப்போதாவது ஒரு பாடவேளையை செல்போனில் பதிவுசெய்து, தனியே உட்கார்ந்து பாருங்கள்.

போன் உங்களைப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளைப் பார்க்கட்டும். கரும்பலகை ஓரத்துச் சன்னல் திட்டில் வைத்தால் முகங்கள் தெரியும். முதல் நாள் எல்லாரும் போனைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தப் பதிவு உதவாது. அது அங்கே இருப்பதை அவர்கள் மறந்த பிறகு எடுத்ததுதான் உண்மையைச் சொல்லும்.

பென்னாகரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் என் தம்பி மகள் ஆசிரியை. ஆறாம் வகுப்புக்குப் பின்னங்களின் கூட்டல் நடத்தியதைப் பதிவுசெய்து கொண்டுவந்தாள். “எல்லாரும் கவனிச்சிட்டுத்தானே இருக்காங்க அத்தை?” என்றாள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னேன். நம் குரல் கேட்டால் நாம் சொன்னதைத்தான் கவனிப்போம், பிள்ளைகளைப் பார்க்க மாட்டோம்.

பதின்மூன்றாம் நிமிடத்தில் கடைசி வரிசையில் ஒருவன் பேனா மூடியை உருட்டினான். பக்கத்திலிருந்தவன் திரும்பினான். பிறகு அந்த வரிசையே கலைந்தது. அவள் உடனே அந்தப் பையன் பேரை எழுதிக்கொண்டாள். “அவனை விடு, ரெண்டு நிமிஷம் பின்னால போ” என்றேன். பதினோராம் நிமிடத்தில் அவள் வகுப்புக்கு முதுகைக் காட்டி ஒரு நீளமான கணக்கை எழுதத் தொடங்கியிருந்தாள். அவள் எழுதி முடிக்கும்வரை பிள்ளைகளுக்கு வேலையே இல்லை. கலைந்தது கண்ணில் படும் இடம் ஒன்று, கலையத் தொடங்கிய இடம் வேறு. பதிவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்காதவர்கள் எப்போதும் பேனா மூடிக்காரனையே திட்டுவார்கள்.

இன்னொரு இடம், பத்தொன்பதாம் நிமிடம். ஒரு பையனைப் பெயர் சொல்லி எழுப்பி, அதன் பிறகு கேள்வியைக் கேட்டாள். பெயர் காதில் விழுந்ததுமே மற்ற முகங்கள் தளர்ந்தன. கேள்வி தங்களுக்கில்லை என்று தெரிந்துவிட்டதே! அமெரிக்காவில் ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து, 1970-இல் புத்தகமாக எழுதினார். அவர் கண்டவற்றில் இதுவும் உண்டு: முதலில் கேள்வி, பிறகு ஒரு இடைவெளி, கடைசியில் பெயர் என்றால் எல்லாரும் விழிப்போடு இருப்பார்கள்.

அந்த இடைவெளி எவ்வளவு? மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்று சொல்வது எளிது. வகுப்பில் நிற்கும்போது அது ஒரு யுகம். மனத்துக்குள் எண்ணிப் பழகுங்கள்.

ஆனால் முகத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது. அந்தப் பதிவில் ஒரு பெண் பிள்ளை பாதி நேரம் வெளியே புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசைப் பையன் ஒருவன் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மறுநாள் 1/2 + 1/3 கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். மரத்தைப் பார்த்தவள் 5/6 என்று எழுதினாள். பலகையைப் பார்த்தவன் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதினான். நோட்டைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் அந்தப் பிள்ளையை வீணாகத் திட்டியிருப்போம், இவனைப் பாராட்டியிருப்போம். மதிய உணவுக்குப் பின், வெயில் காலத்து ஆறாவது பாடவேளையில் எடுத்த பதிவை வைத்துக்கொண்டு உங்களையே நொந்துகொள்ளவும் வேண்டாம். அந்தச் சோர்வில் பாதி வெயிலுடையது.

அடுத்த பாடத்தில் அவள் மாற்றியது ஒன்றே ஒன்று. கணக்கை இரண்டிரண்டு வரியாக எழுதினாள். ஒவ்வொரு இரண்டு வரிக்கும் திரும்பி, அடுத்த வரியைப் பிள்ளைகளே நோட்டில் எழுதட்டும் என்று நின்றாள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திருத்தப் போனால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும்.

கடைசியாக ஒன்று. தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லிவிட்டே பதிவுசெய்யுங்கள். எந்த வாட்சப் குழுவிலும் போடாதீர்கள். பார்த்துக் குறிப்பெடுத்ததும் அழித்துவிடுங்கள்.