தலைப்பு எழுதும் முன் ஒரு மெயில்

நாகலூரில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் சொந்தக் காபித்தூளை விற்க வலைத்தளம் தொடங்குகிறார். கூகுளில் தெரியும் தலைப்பையும் அதன் கீழ் வரும் சிறு விவரத்தையும் எழுதித் தருவது எங்கள் வேலை. ஒரு வரி எழுதும் முன்பே அவருக்கு மெயில் போட்டேன்:

"வணக்கம் ஐயா. தூள் முழுக்க அராபிகாவா, ரொபஸ்டா கலக்கிறீர்களா? சிக்கரி உண்டா, எத்தனை சதவீதம்? எல்லாம் உங்கள் தோட்டத்துக் கொட்டைதானா? இயற்கை விவசாயம் என்றால் சான்றிதழ் நகல் அனுப்புங்கள். பாக்கெட்டில் உள்ள பெயரை அப்படியே எழுதி அனுப்புங்கள்."

இத்தனை கேள்வி எதற்கு என்று போனில் கேட்டார். நான் மனதில் வைத்திருந்த தலைப்பு இது:

```html
<title>சிக்கரி இல்லாத அராபிகா காபித்தூள் - நாகலூர், ஏற்காடு</title>
```

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் பதில் வேண்டும். கலவைத்தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், சிக்கரி அளவைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். பாக்கெட் ஒன்று சொல்லி, தலைப்பு வேறொன்று சொன்னால் வாங்கியவர் சும்மா இருப்பாரா? வெளியூர்க்காரர் ஏற்காடு என்றுதான் தேடுவார். அதனால் இரண்டு ஊர்ப் பெயரும் வேண்டும்.

தலைப்பு நீண்டால் கூகுள் வெட்டிவிடும். விவரத்தையோ, நாம் எழுதியதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்தே பல நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே இந்தத் தகவல்கள் பக்கத்திலும் இருக்க வேண்டும்.

தளம் தொடங்கும் நண்பர்களே, இப்படி மெயில் வந்தால் தயவுசெய்து பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதில் எழுதுங்கள்.