எக்ஸ்டர்னல் கேட்ட மூணாவது கேள்வி

அடியே செல்வி,

உனக்கு லேப் எக்ஸாம் வியாழக்கிழமைதானே? எங்களுக்கு நேத்தே முடிஞ்சுது. எக்ஸ்டர்னல் பார்க்க ரொம்பச் சாது. பஜ்ஜியை என் ரெக்கார்டு நோட்டு மேலேயே வச்சுச் சாப்பிட்டார், எண்ணெய்க் கறை இன்னும் போகலை.

முதல்ல, பைனரி சர்ச் ட்ரீன்னா என்னன்னு கேட்டார். "எந்த நோடை எடுத்தாலும் அதுக்கு இடப்பக்கம் இருக்கிறது முழுக்கச் சின்னது, வலப்பக்கம் முழுக்கப் பெரிசு"ன்னேன். 'முழுக்க'வை விட்டுடாதே. எனக்கு முன்னாடி போனவன் இடது பிள்ளை சின்னது, வலது பிள்ளை பெரிசுன்னு மட்டும் சொன்னான். 50-க்கு இடப்பக்கம் 30, அந்த 30-க்கு வலப்பக்கம் 60-ன்னு வரைஞ்சு, "இது சரியாப்பா?"ன்னார். ஆள் முழிச்சான்.

அடுத்தது, தேட எவ்வளவு நேரம் ஆகும்? மரத்தோட உயரம் எவ்வளவோ அவ்வளவு. 10, 20, 30-ன்னு வரிசையாப் போட்டா மரம் ஒரே கோடாகி, O(n) ஆயிடும். இது சுலபம்.

மூணாவதுலதான் மாட்டினேன். ரெண்டு பிள்ளை இருக்கிற நோடை எப்படி அழிப்பே? வலப்பக்கத்துலயே ரொம்பச் சின்னதை, அதாவது இன்ஆர்டர் சக்ஸஸரை, அதோட இடத்துல வைக்கணும். சக்ஸஸருக்கு இடது பிள்ளை இருக்காது. இருந்தா அதுதானே இன்னும் சின்னது! ஆனா வலது பிள்ளை இருக்கலாம். 50, 30, 70, 60, 80, 65-ன்னு போட்டு 50-ஐ அழிச்சா, 60 மேலே ஏறும். அதோட பிள்ளை 65-ஐ 70-க்கு இடப்பக்கம் மாட்டணும். என் ப்ரோக்ராம் அதை ஒழுங்காச் செஞ்சுது. நானும் நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன்.

மனுஷன் சிரிச்சுக்கிட்டே, "வெறும் 50, 30, 70, 80 போடும்மா. 50-ஐ அழி"ன்னார். இன்ஆர்டர்ல 30, 70, 80 வரணும். என் ஸ்க்ரீன்ல முதல்ல 80, அப்புறம் 70, அதுக்கப்புறம் ஏதோ குப்பை நம்பர். 30-ஐயே காணோம்!

என்ன ஆச்சுன்னா, இங்கே 70-க்கு இடது பிள்ளை கிடையாது. அதனால அதுவே சக்ஸஸர். அதோட அப்பா நாம அழிக்கிற 50-தான். நான் எப்பவும் `p->left`-லயே மாட்டுற மாதிரி எழுதியிருந்தேன். 30 இருந்த இடத்துல 80 போய் உட்கார்ந்துடுச்சு. வலப்பக்கமோ, `free` பண்ணின 70-ஐயே காட்டிக்கிட்டு இருந்துச்சு. சேர்க்க வேண்டியது இவ்வளவுதான்:

```c
if (p == t) p->right = s->right;
else        p->left  = s->right;
```

`t` அழிக்கிற நோட், `s` சக்ஸஸர், `p` சக்ஸஸரோட அப்பா. அங்கேயே திருத்தி ஓட்டிக் காட்டினதால மார்க்கைக் குறைக்கலைன்னு நினைக்கிறேன்.

ஏவிஎல் மரத்துல என்கிட்ட ஒண்ணுதான் கேட்டார்: 30, 10, 20 போட்டா எந்த ரொட்டேஷன்? இடம்-வலம், ரெண்டு திருப்பு. 20 உச்சிக்கு வரும்.

உங்க காலேஜுக்கும் இவரேதான் வர்றாராம். ரெக்கார்டைத் தட்டுக்கு எட்டாத இடமாப் பார்த்து வை.

உன்,
கலா