கறியும் கரியும்

காயல்பட்டினத்தில் என் உம்மும்மா எழுதிவைத்த வீட்டுச் செலவுக் கணக்கை நான் படித்தது கைபேசியில் எடுத்த படங்களிலிருந்துதான். உம்மும்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. குர்ஆன் ஓதக் கற்ற எழுத்திலேயே தமிழை எழுதுவார். அரபுத்தமிழ் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். நாற்பது பக்கத்தையும் படமெடுத்து, தமிழ் எழுத்துக்கு மாற்றிக் குடும்பத்தாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். அதில் நான் செய்த ஒரு தவற்றை இன்றுவரை என்னால் முழுவதும் சரிசெய்ய முடியவில்லை.

அரபியில் ‘ரா’ ஒன்றுதான். நம் ர, ற இரண்டும் அதற்குள் அடங்காது. ட, ண போன்ற நாமடி ஒலிகளுக்கும் அங்கே எழுத்து கிடையாது. ஆகவே முன்னோர்கள் இருக்கிற எழுத்தின் கீழே புள்ளி வைத்தார்கள். தாலின் கீழே வைத்தால் ட, நூனின் கீழே வைத்தால் ண, ராவின் கீழே வைத்தால் ற. ளகரத்துக்கும் ழகரத்துக்கும் ளாத் என்ற எழுத்து கைகொடுத்தது. அந்த எழுத்தை நாம் ஏற்கெனவே தமிழ் நாக்கில்தான் சொல்லி வந்தோம். ரமளான், பர்ளு என்ற சொற்களைக் கேட்டாலே தெரியும். உம்மும்மாவின் ஏட்டில் ள, ழ இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். அது சிக்கலாகவில்லை, சொல்லைப் பார்த்தே ‘பழம்’ என்றும் ‘உப்பளம்’ என்றும் பிரித்துவிடலாம். ரா அப்படி இல்லை.

ஏட்டில் வாரத்துக்கு ஒரு முறை ஒரே சொல் வந்தது. கரி என்று படித்தேன். உம்மும்மா வாரந்தோறும் அடுப்புக்கரி வாங்கியிருக்கிறார் என்று குறிப்பும் எழுதினேன். சாச்சியிடம் வாசித்துக் காட்டியபோது அவர் நிறுத்தினார்.

“கரியா? நம்ம வீட்டுல விறகுதானே எரிச்சோம் வாப்பா. வெள்ளிக்கிழமைக்குக் கறி எடுத்திருப்பாங்க. நல்லாப் பாரு.”

பார்த்தேன். படத்தில் ராவின் கீழே புள்ளி தெரியவில்லை, ஒரு சாய்ந்த கோடு மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. ‘இ’ ஓசைக்கான ஸேர் குறியும் எழுத்தின் கீழேதான் வரும். றி என்று எழுதும்போது ராவின் கீழே முதலில் புள்ளி, அதற்கும் கீழே ஸேர். இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. நான் பக்கம் வெளுப்பாகத் தெரியட்டும் என்று ஆவணப்படம் எடுக்கும் முறையில் எடுத்திருந்தேன். அது மங்கிய மையைக் கறை என்று எண்ணி அழித்துவிடும். அழியாத புள்ளிகள், படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்கியதில், கோட்டோடு ஒட்டிப்போயின.

எப்படி உறுதி செய்தேன் என்றால், அதே பக்கத்தில் ‘அரிசி’ இருந்தது. அதிலும் ரி வருகிறது, ஐயமில்லாத ரி. அதன் ஸேர் மெல்லியது, ராவின் வாலுக்கு ஒட்டினாற்போல் நிற்கிறது. ‘கறி’யில் அதே கோடு தடித்து, வாலைவிட்டுச் சற்றுக் கீழிறங்கி இருக்கிறது, புள்ளிக்கு இடம் விட்டு எழுதிய கை அது. பிறகு ஏட்டையே வெயில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். புள்ளி இருந்தது.

இது பாதித் தவறுதான். பெரியது இன்னொன்று. படத்தைப் பார்த்து முதலில் அரபு எழுத்திலேயே தட்டச்சு செய்து, பின்பு தமிழாக்குவது என் வழக்கம். கைபேசியின் அரபு விசைப்பலகையில் புள்ளி வைத்த ரா இல்லை. அதனால் இரண்டுக்கும் ر என்றே அடித்தேன். யூனிகோடில் ڔ என்ற எழுத்து U+0694 என்ற எண்ணில் தனியாகவே இருக்கிறது. தேடி ஒட்டியிருக்கலாம், சோம்பலில் விட்டேன். ட-வுக்கு ڊ, ண-வுக்கு ڹ ஆகியவையும் அப்படியே இருக்கின்றன. அவற்றையும் வெறும் தாலாகவும் நூனாகவும் அடித்தேன். கடை கதையானது, பணம் பனமானது. பனம் என்று சொல் இல்லாததால் அது உடனே அகப்பட்டது. கரி அகப்படவில்லை, ஏனென்றால் கரி என்றும் ஒரு சொல் உண்டு. பொருள் தருகிற தவறுதான் கண்ணுக்குத் தப்பும்.

திருத்தலாம் என்று ஏட்டைத் திரும்பக் கேட்டபோது கடைசி ஒன்பது பக்கங்களைச் செல் அரித்திருந்தது. அந்தப் பக்கங்களுக்கு என்னிடம் இருப்பவை வெளுத்த படங்கள் மட்டுமே. அவற்றில் பதினொரு சொற்களுக்குப் பக்கத்தில் ரகரமா றகரமா என்று கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டு அலமாரியில் இப்படி ஓர் ஏடு இருந்தால், சன்னல் வெளிச்சத்தில், ஒரு வரிக்கு ஒரு படமாக, எந்தத் திருத்தமும் செய்யாமல் எடுத்து, எடுத்த கோப்பையே பத்திரப்படுத்துங்கள்.