சோயாமீற் பக்கற்றின் பின்பக்கம்

வைகாசியில் வற்றாப்பளை அம்மனின் பொங்கல் வரும். அதற்கு ஒரு கிழமை முந்திச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கேற்றுவார்கள். அந்தக் கிழமை தண்ணீரூற்றுப் பக்கம் பல வீடுகளில் மச்சம் இல்லை. மற்ற நாளில் மீனில்லாமல் சோறு இறங்காத ஆட்களுக்கு அப்போது கைகொடுப்பது சோயாமீற்தான். கடைகளில் அது தோரணம்போலத் தொங்கும்: கோழிச்சுவை, ஆட்டிறைச்சிச் சுவை, இறால் சுவை, கணவாய்ச் சுவை.

உலகம் இப்போது தாவர இறைச்சியைப் புதுக் கண்டுபிடிப்புப்போலப் பேசுகிறது. வன்னிக்கு அது பழைய சாமான். பாரமில்லை, குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், மாதக்கணக்கில் கிடக்கும். இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் அலுக்க அலுக்கத் தின்றதால் இன்றைக்கும் அதன் மணமே பிடிக்காதவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

மாமிக்கு வந்தது வேறு கவலை. "பிள்ளை, கோழி எண்டு போட்டிருக்கு. இதுக்குள்ளை மச்சம் கிடக்குதோ எண்டு ஒருக்கால் பார்" என்று பக்கற்றை என் கையில் தந்தார். கோழிப் படம் முன்பக்கத்தில். பதில் இருப்பது பின்பக்கத்தில், சிறிய எழுத்தில்.

பொருட்பட்டியலில் எது எடையில் கூடவோ அது முதலில் வரும். அங்கே முதலில் நின்றது எண்ணெய் நீக்கிய சோயா மா. சோயா அவரையிலிருந்து எண்ணெயை எடுத்தபின் மிஞ்சுவதை மாவாக்கித் தண்ணீர் கலந்து, சூடும் அழுத்தமும் உள்ள திருகுக் குழாய்க்குள் தள்ளுகிறார்கள். வாயால் வெளியே வரும் கணத்தில் உள்ளே அடைபட்ட நீர் ஆவியாகி வெடிக்க, மா பஞ்சுபோல நார்நாராக உறைந்துவிடுகிறது. 1960களில் அமெரிக்காவில் பெருகிய தொழில்நுட்பம் இது. இதில் கோழியும் இல்லை, இறாலும் இல்லை. சுவை முழுவதும் பட்டியலின் கடைசிப் பகுதியிலிருந்து வருகிறது: உப்பு, சுவையூட்டி, நிறமூட்டி, பிறகு சில எண்கள்.

மாமியின் கேள்வி அந்த எண்களில்தான் மாட்டிக்கொண்டது. 621 என்றால் எல்லோருக்கும் தெரிந்த அஜினமோட்டோ. கரும்புப்பாகு, மரவள்ளி மா போன்றவற்றை நொதிக்கவைத்து எடுப்பது, மச்சமில்லை. அதோடு கூட்டுச் சேர்ந்து வரும் 631 அப்படி அல்ல. அதையும் நொதிக்கவைத்து எடுக்கலாம். இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்கூட எடுக்கலாம். எண் ஒன்றுதான், எதிலிருந்து வந்தது என்பதை அது சொல்லாது. இந்தியப் பக்கற்று என்றால் சைவத்துக்கான பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். மாமி கையில் இருந்ததில் அப்படி ஒன்றுமில்லை. சுவை சேர்க்காத வெறும் சோயாமீற்றை வாங்கி, வீட்டுத் தூளில் கறி வைப்பதுதான் சந்தேகமில்லாத வழி என்றேன். சுவைத்தூள் போடாத கறியில் ருசி எங்கே இருக்கும் என்று மாமி கேட்டது நியாயமான கேள்விதான். வறுத்த மிளகாய்த்தூளும் கருவேப்பிலையும் கொஞ்சம் பழப்புளியும் அதற்குப் பதில் சொல்லிவிடும்.

எனக்கு மச்சத்தைவிடக் கணக்கில்தான் அக்கறை. 100 கிராமில் 45 கிராம் புரதம் என்று ஒரு பக்கற்றில் போட்டிருந்தால், இறைச்சியை இது அடித்துவிட்டது என்று தோன்றும். வேகவைத்த கோழி இறைச்சியிலேயே 100 கிராமுக்கு 30 கிராமளவுதானே? ஆனால் அந்த 45 காய்ந்த நிலையில். பானையில் விழுந்ததும் சோயாமீற் தன் எடையைப்போல இரண்டு மடங்குத் தண்ணீரை உறிஞ்சி, மூன்று மடங்காகிவிடும். தட்டுக்கு வரும்போது 100 கிராமில் 15 கிராம் மட்டில்தான் நிற்கும். 90 கிராம் பக்கற்று ஒன்றை ஐந்து பேருக்குப் பகிர்ந்தால், மொத்தம் 40 கிராம் புரதத்தில் ஆளுக்கு 8 கிராம் கிடைக்கும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. ஆக, ஆளுக்கு ஒரு முட்டையும் கொஞ்சமும். விரதச் சோற்றில் பருப்பும் இருந்தால் அது குறையில்லை. சோயாவின் புரதம் தரத்திலும் நல்லது, மற்ற அவரை பருப்புகளைவிட இறைச்சிக்குக் கிட்ட நிற்பது. இல்லாதது பி12. தனியாகச் சேர்த்திருந்தால் ஒழிய, அது சோயாவில் கிடையாது.

உப்புக்கும் இதே காய்ந்த எடையின் சிக்கல் உண்டு, ஆனால் வேறு விதமாக. இலங்கையில் 2019இல் வந்த ஒழுங்குவிதிப்படி, திட உணவில் 100 கிராமுக்கு 1.25 கிராமுக்கு மேல் உப்பு இருந்தால் சிவப்பு வட்டம். சுவையூட்டிய சோயாமீற் பல இந்த எல்லையை இலகுவாகத் தாண்டிவிடும். சிலவற்றில் உப்பு என்று இராது, சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. சோடியம் 1000 மில்லிகிராம் என்று கண்டால் உப்பு 2.5 கிராம். 90 கிராம் பக்கற்றில் அது 2.25 கிராம், ஐந்து பேரில் ஆளுக்கு அரைக்கிராமுக்கும் குறைவு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதோடு பார்த்தால் சிவப்பு வட்டம் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை.

பிழை அடுப்படியில் நடக்கிறது. உறையில் வரும் தூளையும் கொட்டி, வழக்கம்போல ஒரு தேக்கரண்டி உப்பையும் போடுகிறோம். அது 5 கிராம், ஆளுக்கு இன்னும் ஒரு கிராம். இப்போது அந்த ஒரு கறியிலேயே நாளின் கால்பங்குக்கு மேல் போய்விட்டது. அப்பளமும் ஊறுகாயும் இன்னும் இலைக்கு வரவில்லை. தூள் போடுகிற நாளில் உப்புப் போத்தலைத் திறக்காமல், இறக்கும்போது நாக்கில் வைத்துப் பார்த்தால் போதும். அம்மம்மா சோயாமீற்றைக் கொதிநீரில் அவித்து, பிழிந்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுவார். பச்சை வாடை போகத்தான் அப்படிச் செய்தார். அந்தத் தண்ணீரோடு, துண்டுகளில் ஏறியிருந்த உப்பில் ஒரு பங்கும், வயிற்றில் வாயு உண்டாக்குகிற சர்க்கரைகளில் ஒரு பங்கும் போய்விடும். புரதம் சூட்டில் உறைந்துவிட்டதால் பெரிதாகக் கரையாது. பிழியாமல் கறிக்குள் நேரே போடுகிறவர்கள் சாப்பிட்டபின் வயிறு ஊதுகிறது என்று குறைசொல்வார்கள்.

புரதக் கணக்கில், பாலுக்குப் பதிலாக வருகிறவற்றின் கதை சோயாமீற்றுக்கு நேர் எதிர். 2022இல் 400 கிராம் பால்மாப் பக்கற்று ஆயிரம் ரூபாயைத் தாண்டியபோது வெறுந்தேத்தண்ணிக்குப் பழகிய வீடுகள் உண்டு. தேங்காய்ப்பால் விட்டுத் தேத்தண்ணி போட்டவர்களும் உண்டு. ருசி இருக்கும். புரதம் இராது. தலைப்பாலிலேயே 100 கிராமுக்கு 2 கிராம் மட்டும்தான், மிச்சத்தில் பெரும்பகுதி கொழுப்பும் தண்ணீரும். கனடாவிலிருந்து வந்த மருமகள் வைத்திருந்த பாதாம்பால் பெட்டியிலும் 100 மில்லிலீற்றருக்கு ஒரு கிராம்கூட இல்லை. பசுப்பாலில் 3 கிராமுக்கு மேல். அதற்கு ஓரளவு ஈடாக நிற்பது சோயாப்பால். அதிலும் சேர்த்த கல்சியம் அடியில் படிந்துவிடும் என்பதால் குலுக்கித்தான் ஊற்றவேண்டும்.

தேங்காய்ப்பால் தூள் வாங்குகிறவர்கள் ஒரு பெயரைத் தேடிப் பார்க்கவேண்டும்: சோடியம் கேசினேற். பாலிலிருந்து எடுக்கும் புரதம் அது. தூள் தண்ணீரில் திரையாமல் கலக்கச் சேர்ப்பது. தேங்காய்ப் படம் போட்ட பல பக்கற்றுகளில் இருக்கும். பாற்புரதம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அந்தத் தூளில் சொதி வைத்தால், பால் கொடுத்தமாதிரித்தான். மாமிக்கு இதைச் சொன்னபோது அவர் துளியும் கலங்கவில்லை. "பால்தானே, விரதத்துக்கு ஆகும்."