கொப்பியில் மூன்று நிரல்

கண்டியில் சாதாரண தர வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பலரிடம் இணைப்புச் சொற்களின் பட்டியல் ஒன்று ஏற்கெனவே இருக்கும். மேலும், எனவே, ஆனால், அதுமட்டுமன்றி, ஆகவே, இவ்வாறாக என்று எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கும். அதை மனனம் செய்த பிள்ளை சூழல் மாசடைதல் பற்றி எழுதினால் இப்படியொரு பந்தி வரும்:

"கண்டி வாவி 1807ஆம் ஆண்டில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னனால் அமைக்கப்பட்டது. மேலும் அது இன்று மாசடைந்துள்ளது. அதுமட்டுமன்றி மெத எலவில் கழிவுகள் சேர்கின்றன. எனவே சுற்றுலாப் பயணிகள் வருகின்றார்கள்."

எழுத்துப்பிழை இல்லை, இணைப்புச் சொற்களுக்கும் குறைவில்லை. ஆனாலும் பந்தி ஒட்டவில்லை. 'மேலும்' என்றால் முன்சொன்ன திசையிலேயே இன்னொன்று வரவேண்டும். இங்கே மன்னன் அமைத்த பெருமைக்குப் பிறகு மாசு வருகிறது. 'எனவே' என்றால் விளைவு வரவேண்டும். மாசின் விளைவாகவா பயணிகள் வருகிறார்கள்? வரிசையாக எழுதிய பட்டியல், எந்தச் சொல் எந்த வேலையைச் செய்யும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லவில்லை.

அதனால் நான் கொப்பியின் பக்கத்தை மூன்று நிரலாகப் பிரிக்கச் சொல்கிறேன். முதலாவதில் நோக்கம்: சேர்த்தல், மறுத்தல், காரணம் காட்டல், விளைவு கூறல், எடுத்துக்காட்டல், முடித்தல். இரண்டாவதில் அந்த நோக்கத்துக்கு உரிய தொடர். மூன்றாவதில் வாக்கியம் எப்படி முடிய வேண்டும் என்பது. பெரும்பாலான பட்டியல்களில் இந்த மூன்றாவது நிரல் இருப்பதில்லை. புள்ளிகள் போவதும் பெரும்பாலும் அங்கேதான்.

தமிழில் இணைப்பு வாக்கியத்தின் தலையில் மட்டும் இருப்பதில்லை. விகுதியிலும் இடைச்சொல்லிலும் இருக்கிறது. 'மட்டுமன்றி' என்று தொடங்கினால் பின்வரும் பெயர் 'உம்' ஏற்க வேண்டும்: நீர் மட்டுமன்றி நிலமும் மாசடைகின்றது. 'இதற்குக் காரணம் யாதெனில்' என்று தொடங்கினால் 'என்பதே' என்று முடிக்க வேண்டும். "இதற்குக் காரணம் யாதெனில் மக்கள் குப்பையை வீசுகின்றனர்" என்பது பாதியில் நின்ற வாக்கியம். 'ஒருபுறம்' வந்தால் 'மறுபுறம்' வந்தே தீர வேண்டும். 'போதிலும்' என்று முடிந்த எச்சத்துக்குப் பிறகு 'ஆனால்' வரக்கூடாது, ஏனெனில் மறுக்கும் வேலையை அந்த 'உம்' முன்னரே செய்துவிட்டது. இந்த இரட்டிப்பை விடைத்தாள்களில் அடிக்கடி காண்கிறேன்.

இப்போது அந்தப் பந்தியைத் திருத்திப் பார்ப்போம்:

"ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் 1807ஆம் ஆண்டில் அமைத்த கண்டி வாவி நகருக்கு அணியாக விளங்குகின்றது. ஆயினும், இன்று அதன் நீர் மாசடைந்துள்ளது. வாவி மட்டுமன்றி, அதன் மிகைநீரை மகாவலிக்குக் கொண்டுசெல்லும் மெத எலவும் கழிவுகளால் நிறைந்துள்ளது. இந்நிலை நீடிக்கின்றபோதிலும், சுற்றுலாப் பயணிகள் வந்தவண்ணமே உள்ளனர்."

முதல் வாக்கியத்தில் இணைப்புச் சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். 'அமைத்த' என்ற பெயரெச்சமே இரண்டு செய்திகளையும் சேர்த்துவிட்டது. எச்சத்தால் முடிகின்ற இடத்தில் தனிச்சொல் தேடவேண்டியதில்லை. ஒவ்வொரு வாக்கியமும் 'மேலும்' என்று தொடங்கும் கட்டுரையைவிட இது எவ்வளவோ மேல்.

மரபுத்தொடர்களையும் உவமைத் தொடர்களையும் இதே முறையில்தான் பிரிக்கிறேன். ஆனால் இங்கே நோக்கம் இன்னும் நுணுக்கமானது. 'வீண்' என்ற ஒரே தலைப்பின் கீழ் பிள்ளைகள் மூன்றை எழுதி வைப்பார்கள்: விழலுக்கு இறைத்த நீர், கானல் நீர், கடலில் கரைத்த பெருங்காயம். மூன்றும் வீண்தான், ஆனால் ஒன்று நிற்கும் இடத்தில் மற்றது நிற்காது. பயன்பெறத் தகாத இடத்தில் உழைப்பைக் கொட்டினால் அது விழலுக்கு இறைத்த நீர். கிடைக்கும் என்று நம்பியது கிட்டப் போனால் இல்லாமற் போவது கானல் நீர். கொடுத்தது சிறிது, தேவை பெரிது என்றால் கடலில் கரைத்த பெருங்காயம். மெத எலவைச் சிரமதானத்தில் துப்புரவாக்கிய மறுவாரமே மக்கள் மீண்டும் கழிவைக் கொட்டினால், முதலாவதே பொருந்தும். தோட்டத்துக்குக் கட்டித் தருவதாகச் சொன்ன வீடு தள்ளிக்கொண்டே போனால் இரண்டாவது. மண்சரிவில் வீடிழந்த குடும்பத்துக்கு ஒரு வேளை உணவுக்கான உதவி மட்டும் கிடைத்தால் மூன்றாவது. ஆகவே தொடருக்குப் பக்கத்தில் கருத்தை எழுதுவதோடு நிறுத்தாமல், சொந்த ஊரிலிருந்து ஒரு நிகழ்வையும் எழுதச் சொல்கிறேன். கருத்து மறந்தாலும் நிகழ்வு மறப்பதில்லை.

அளவு பற்றியும் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. ஒரு நோக்கத்துக்கு மூன்று தொடர் போதும். ஒரு கட்டுரைக்கு ஒன்றிரண்டு மரபுத்தொடர் போதும். "கண்ணை இமை காப்பதுபோல" என்பதைப் பந்திக்குப் பந்தி வைத்தால் வாசிப்பவருக்குச் சலிப்புத்தான் வரும். எழுதி முடித்ததும் இணைப்புச் சொற்களைப் பென்சிலால் மூடிக்கொண்டு வாசிக்கச் சொல்வேன். மூடியும் பொருள் மாறவில்லையென்றால் அந்தச் சொல்லை நீக்கலாம். பொருள் குழம்பினால், அங்கே எந்த உறவு தேவை என்று முதலாம் நிரலில் தேடி, மூன்றாம் நிரலைப் பார்த்து வாக்கியத்தை முடிக்க வேண்டும்.