சோடி யோசித்தால் நான் என்ன செய்வது?

முந்நூற்றிநாலு விளையாடத் தெரிந்தவர்களுக்கு பிரிட்ஜ் என்ற கடதாசி விளையாட்டை விளங்கிக்கொள்வது கடினமல்ல. இதிலும் எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு சோடி. கேள்வி உண்டு, துரும்பும் உண்டு. ஆளுக்கு 13 கடதாசிகள். ஒவ்வொரு சுற்றையும் வெல்வது ஒரு பிடி; மொத்தம் 13 பிடிகள். கேள்வியில் சொல்லும் எண்ணோடு 6 ஐக் கூட்டினால், எத்தனை பிடி எடுப்பதாக ஒப்புக்கொள்கிறோம் என்பது வரும். 'மூன்று ஸ்பேட்' என்றால் ஸ்பேட் துரும்பாக 9 பிடிகள்.

இந்த விளையாட்டில் சோடிக்குச் சொல்லக்கூடியதெல்லாம் கேள்வியாலும் போடும் கடதாசியாலும் மட்டுமே. கண்ணைக் காட்டுவதும் தொண்டையைச் செருமுவதும் கள்ளம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சோடி மனமறிந்து எதுவும் செய்யாமல், வெறுமனே நெடுநேரம் யோசித்தால்? அந்தத் தாமதமே எனக்கு ஒரு சேதியைச் சொல்லிவிடுகிறதே! இதைத்தான் பிரிட்ஜ் விதிகள் 'அனுமதியில்லாத தகவல்' என்கின்றன.

நான் ஓர் அக்காவோடு சோடி சேர்ந்து விளையாடுவதுண்டு. ஒருநாள் அவர் 'ஒரு ஸ்பேட்' என்று தொடங்கினார். என்னிடம் ராசாவோடு மூன்று ஸ்பேட்டும், வேறு இனங்களில் ஒரு ராணியும் ஒரு ஜாக்கும் இருந்தன. ஆஸுக்கு 4, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்று கணக்கிட்டால் 6 புள்ளிகள்தான். ஆகவே 'இரண்டு ஸ்பேட்' என்றேன். எதிராளி 'மூன்று ஹார்ட்' என்றார். அக்கா கடதாசிகளைப் பார்த்தபடியே இருந்தார். கால் நிமிடம் போயிருக்கும். பிறகு 'பாஸ்' என்றார். அடுத்தவரும் பாஸ். என் முறை வந்தது.

அக்காவிடம் ஒன்றும் இல்லையென்றால் உடனே பாஸ் சொல்லியிருப்பார். அவர் மூன்று ஸ்பேட் சொல்ல யோசித்திருக்கலாம், அல்லது எதிராளியின் கேள்வியை இரட்டிப்பாக்க யோசித்திருக்கலாம். எப்படியென்றாலும் அவரிடம் கூடுதல் பலம் இருக்கிறது. நான் மூன்று ஸ்பேட் சொன்னால் நல்லது நடக்கும் என்று அந்தத் தாமதம் காதுக்குள் சொல்கிறது.

இந்த இடத்தில் நேர்மையான பலர், "அக்கா யோசிக்காவிட்டாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 2017ஆம் ஆண்டு விதித்தொகுப்பின் 16ஆம் விதி என் மனதை விசாரிப்பதில்லை. அது கேட்பது வேறு. என்னைப் போன்ற தரமுள்ள விளையாட்டுக்காரர்களிடம் இதே கடதாசிகளைக் கொடுத்தால், அவர்களில் கணிசமானோர் வேறொரு வழியையும் தீவிரமாக யோசிப்பார்களா? சிலராவது அதைத் தெரிவு செய்வார்களா? ஆம் என்றால், தாமதம் காட்டிக்கொடுத்த வழியை நான் எடுக்கக்கூடாது. என் 6 புள்ளிகளின் கதையை 'இரண்டு ஸ்பேட்' என்று முன்னமே சொல்லிவிட்டேன். பலர் பாஸ்தான் சொல்வார்கள். நானும் பாஸ் சொன்னேன்.

எதிராளிகள் 9 பிடிகள் எடுத்தார்கள், அவர்களுக்கு 140. பிறகு பார்த்தால், நாங்கள் மூன்று ஸ்பேட் விளையாடியிருந்தால் 9 பிடிகள் எடுத்து அந்த 140 ஐ நாங்கள் பெற்றிருப்போம்.

"ஏன் பிள்ளை, நீர் மூன்று ஸ்பேட் சொல்லியிருக்கலாமே?" என்று அக்கா கேட்டார்.

"நீங்கள் யோசித்ததைக் கண்டுவிட்டேனே, அக்கா. அதனால்தான் சொல்ல முடியாமல் போயிற்று" என்றேன்.

நான் சொல்லியிருந்தால் எதிராளிகள் நடுவரை அழைத்திருக்கலாம். அப்படி அழைப்பது கள்ளி என்று குற்றஞ்சாட்டுவதல்ல. உண்மையில் தாமதம் இருந்ததா என்று நடுவர் இரு பக்கமும் கேட்பார். பின் கேள்வி நடந்த ஒழுங்கையும் என் கடதாசிகளையும், எங்கள் தரத்தில் உள்ள வேறு சிலருக்குக் காட்டி என்ன செய்வீர்கள் என்று விசாரிப்பார். தாமதத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்லமாட்டார். அவர்களில் பலர் பாஸ் என்றால், எங்கள் 140 ஐ நீக்கி, மூன்று ஹார்ட் விளையாடியதாகவே கணக்கை மாற்றுவார்.

இதற்கு எல்லையும் உண்டு. என்னிடம் ஐந்து ஸ்பேட்டும் ஒரேயொரு ஹார்ட்டும் இருந்து, என் இடத்தில் எவரும் மூன்று ஸ்பேட்தான் சொல்வார் என்றால், நானும் தயங்காமல் சொல்லலாம். சோடி யோசித்தார் என்பதற்காக மடத்தனமாக விளையாட வேண்டியதில்லை. தாமதம் எந்தப் பக்கமும் கை காட்டவில்லை என்றாலும் தடையில்லை.

யோசித்த அக்காவிலும் பிழையில்லை. யோசிப்பதற்குத்தானே இந்த விளையாட்டு! சேதி சொல்வதற்கென்றே வேண்டுமென்று தாமதிப்பதுதான் குற்றம். ஆனால் நெடுநேரம் யோசித்துவிட்டுப் பாஸ் சொன்னால் எதிரே இருப்பவரின் கை கட்டப்படும் என்பதை அக்கா இப்போது அறிவார். சொல்வதா விடுவதா என்று சரிசமமாக இருக்கும்போது, அவர் இப்போதெல்லாம் தானே சொல்லிவிடுகிறார்.